போகிக்கு லீவு போட்டால் எத்தனை நாள் கழியும்?

2019 ஜனவரியில், கோவைப் பக்கம் பம்பு மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஹெச்.ஆர். பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு பொங்கல் செவ்வாய்க்கிழமை, 15-ஆம் தேதி வந்தது. 15, 16, 17 மூன்று நாளும் கம்பெனி விடுமுறை. ஊருக்குப் போகிறவர்கள் போகி அன்று, அதாவது 14 திங்கட்கிழமை ஒரு லீவு, பிறகு 18 வெள்ளி, 19 சனி இரண்டு லீவு போட்டால், 13-ஆம் தேதி ஞாயிற்றிலிருந்து 20-ஆம் தேதி ஞாயிறு வரை எட்டு நாள் ஊரில் இருந்துவிட்டு வரலாம். பாதித் தொழிற்சாலை இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தது.

அதே மாதம் முதல் தேதியிலிருந்து புதிய லீவு பாலிசி நடைமுறைக்கு வந்திருந்தது. பண்டிகையை ஒட்டி ஆள் குறைவதைத் தடுக்க நிர்வாகம் அதில் ஒரு வரியைச் சேர்த்திருந்தது: ‘தொடர்ச்சியாக எடுக்கப்படும் விடுப்பின் இடையே வரும் வார ஓய்வு நாட்களும் விடுமுறை நாட்களும் விடுப்பாகவே கணக்கிடப்படும்.’ தொழிலாளர்கள் பேச்சில் இதற்கு சாண்ட்விச் ரூல் என்று பெயர். இரண்டு பக்கமும் லீவு, நடுவில் விடுமுறை, மொத்தமாக விழுங்கிவிடும்.

அசெம்பிளியில் ஒருவர் தன் சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறார்: “சார், போகிக்கு லீவு போட்டா பொங்கல் லீவும் சேந்து போயிருங்களா?” அவர், “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, மூணு நாள்தான் கழியும்” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மெஷின் ஷாப்பில் அதே கேள்விக்கு, “14-ல இருந்து 19 வரைக்கும் ஆறு நாள் கழியும், யோசிச்சுப் போடு” என்று பதில். வைண்டிங் பிரிவில் இருந்தவர் இன்னும் கறாரான மனிதர். முன்னால் வரும் ஞாயிறு, பின்னால் வரும் ஞாயிறு இரண்டையும் சேர்த்து எட்டு நாள் என்று சொல்லிவிட்டார். கேட்டவர் லீவே வேண்டாமென்று போய்விட்டார்.

மூன்று பேரும் படித்தது ஒரே வரியைத்தான். பொங்கல் முடிந்து திரும்பியதும் கேன்டீனில் இந்த மூன்று பதில்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டன. அன்று மத்தியானமே என் மேஜைக்கு முன்னால் பதினைந்து பேர் நின்றார்கள்.

அந்த மூன்று சூப்பர்வைசர்களில் யாரும் சோம்பேறியோ கெட்டவரோ இல்லை. பாலிசியில் ஓட்டை இருக்கும் இடத்தை ஒவ்வொருவரும் தன் குணத்தால் அடைத்திருந்தார்கள். ஆட்களோடு இணக்கமாகப் போகிறவர் மூன்று என்றார். எழுத்துக்கு எழுத்து படிக்கிறவர் ஆறு என்றார். உற்பத்திக் கணக்கு குறையுமே என்று பயந்தவர் எட்டு என்றார். ‘இடையே’ என்ற ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் சேருமா என்று பாலிசி சொல்லவில்லை. எந்த வகை லீவுக்கு இது பொருந்தும் என்றும் சொல்லவில்லை. இதை எழுதியது நாங்கள்தான். எங்களுக்கு அது தெளிவாகத்தான் தெரிந்தது. எழுதியவனுக்குத் தன் எழுத்து எப்போதுமே தெளிவுதான்.

பாலிசியோடு கூடவே கேள்வி பதில் தாள் ஒன்று தயாரிக்கும் பழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. எங்களிடமும் இருந்தது. ஆனால் அது எப்படி இருந்தது தெரியுமா? ‘இந்தப் புதிய பாலிசியின் நோக்கம் என்ன?’, ‘இதனால் ஊழியர்களுக்கு என்ன நன்மை?’, ‘இதை யார் அங்கீகரித்தார்கள்?’ என்று ஒன்பது கேள்விகள். இவற்றில் ஒன்றைக்கூட எந்தத் தொழிலாளியும் எந்த நாளும் கேட்டதில்லை. நிர்வாகம் சொல்ல விரும்பியதற்கெல்லாம் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தோம். பொங்கல் கேள்வி அதில் இல்லை.

பிப்ரவரியில் பாலிசியையும் தாளையும் முதலிலிருந்து எழுத உட்கார்ந்தோம். இந்தத் தடவை தலைகீழாகப் போனோம். வரைவுப் பாலிசியை எட்டு சூப்பர்வைசர்களிடமும் கொடுத்து, அரை மணி நேரம் படிக்கச் சொன்னோம். பிறகு ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசாமல் தனித்தனியாகப் பதில் எழுதச் சொன்னோம். பரீட்சை மாதிரி இருக்கிறதே என்று ஒருவர் சிரித்தார். “பரீட்சை உங்களுக்கு இல்லீங்க, பாலிசிக்கு” என்றேன்.

கேள்விகள் எல்லாவற்றிலும் தேதியும் கிழமையும் எண்ணிக்கையும் இருந்தன. ‘சாண்ட்விச் ரூல் பற்றி உங்கள் புரிதல் என்ன?’ என்று கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி அழகாக எழுதிவிடுவார்கள். ‘14 திங்கள், 18 வெள்ளி, 19 சனி லீவு; 15, 16, 17 விடுமுறை; கணக்கில் எத்தனை நாள் குறையும்?’ என்று கேட்டால்தான் வேறுபாடு வெளியே வரும். இன்னொரு கேள்வி, காய்ச்சலோடு காலையில் போன் செய்து ஈ.எல். கேட்கும் ஆளுக்கு என்ன பதில் என்பது. மற்றொன்று, புதிய பாலிசி வருவதற்கு முன்பே கையெழுத்தாகிவிட்ட லீவு எந்த விதிப்படி கழியும் என்பது.

ஐந்து கேள்விகளில் ஒன்றுக்கு மட்டுமே எட்டுப் பேரும் ஒரே பதில் எழுதியிருந்தார்கள். மற்ற நான்கையும் மேஜை மேல் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே விஷயத்தைக் கேட்டோம்: சரியான பதில் பாலிசியில் இருக்கிறதா, இல்லையா? பதில் பாலிசியில் இருந்தும் சிலர் கவனிக்கவில்லை என்றால், அது கேள்வி பதில் தாளுக்குப் போக வேண்டியது. பாலிசியிலேயே இல்லை, அல்லது இரண்டு விதமாகப் படிக்கலாம் என்றால், தாளில் விளக்கம் எழுதி ஒட்டுப்போடக் கூடாது. பாலிசியைத்தான் திருத்த வேண்டும்.

இந்தப் பிரிவினை சின்ன விஷயமாகத் தெரியும். நான் பார்த்த கேள்வி பதில் தாள்களில் பாதிக்கு மேல் கெட்டுப்போனது இங்கேதான். பாலிசியில் இல்லாத ஒரு விதியைத் தாளில் புகுத்தி விடுவார்கள். ஆறு மாதம் கழித்து ஒருவருக்குச் சம்பளம் பிடித்தம் ஆகும்போது, ‘இது எங்கே எழுதியிருக்கிறது?’ என்று அவர் கேட்பார். பாலிசியில் இருக்காது. தாளில் இருக்கும், ஆனால் தாளின் அடியில் ‘முரண்பாடு இருந்தால் பாலிசியே செல்லும்’ என்று நாமே அச்சடித்திருப்போம்.

பொங்கல் கேள்விக்கு வருகிறேன். எட்டுப் பேர் எழுதியதில் 3, 6, 8 மூன்று விடைகளும் இருந்தன. சரியான விடை எது என்று நாங்களே தீர்மானிக்க உட்கார்ந்தபோதுதான் பெரிய இடி விழுந்தது. எங்கள் சட்ட ஆலோசகர், வழக்கமாக அதிகம் பேசாதவர், 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திறந்து 79-ஆம் பிரிவை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு, அடுத்த ஆண்டில், வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு என்று சொல்லும் பிரிவு அது. 260 நாள் வேலை செய்தவருக்கு 13 நாள். அதுவரை எல்லோருக்கும் தெரியும். அதே பிரிவின் விளக்கம் ஒன்றில், அந்த விடுப்பின் நடுவிலோ அதன் இரு முனைகளிலோ வரும் விடுமுறை நாட்கள் அதில் சேராது என்று எழுதியிருந்தது.

அதாவது ஈ.எல். விஷயத்தில் தொழிலாளர்களுக்கு சாண்ட்விச் ரூல் போடவே எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆட்களோடு இணக்கமாகப் போகிற அந்த அசெம்பிளி சூப்பர்வைசர், சட்டம் தெரியாமலே சட்டப்படி சொல்லியிருக்கிறார். கறாராக நின்றவர்தான் சட்டத்தை மீறியிருக்கிறார். அதையும் நாங்கள் எழுதிக் கொடுத்த வரியை நம்பி.

அப்படியானால் சி.எல்.? அது தொழிற்சாலைகள் சட்டத்தில் இல்லாத, நிறுவனமாகப் பார்த்துத் தரும் லீவு. அதற்கு மட்டும் சாண்ட்விச் வைத்துக்கொள்ளலாமே என்று உற்பத்தி மேலாளர் கேட்டார். ஆலோசகர் அதற்கும் தலையை ஆட்டவில்லை. தமிழ்நாட்டில் தேசிய, பண்டிகை விடுமுறைகளைச் சம்பளத்துடன் தர 1958-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. சட்டப்படி ஏற்கெனவே அவருடையதாகிவிட்ட பொங்கல் விடுமுறையை எடுத்து சி.எல். கணக்கில் கழித்தால் கேள்வி வரும் என்றார். ஈ.எல். போட்டவருக்கு மூன்று, சி.எல். போட்டவருக்கு ஆறு என்று இரண்டு கணக்கு வைத்தால் எட்டு சூப்பர்வைசர்களும் மறுபடி எட்டு விதமாகச் சொல்வார்கள் என்பது என் கவலை.

கடைசியில் அந்த வரியையே எடுத்துவிட்டோம். இடையே வரும் விடுமுறை எந்த லீவிலும் சேராது. ஆனால் சி.எல். தொடர்ந்து மூன்று வேலை நாளுக்கு மேல் கிடையாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஈ.எல்., அதுவும் 15 நாள் முன்பே விண்ணப்பம். பண்டிகை நேரத்தில் ஆள் குறைவதைத் தடுக்க நிர்வாகத்துக்குத் தேவைப்பட்டது முன்கூட்டியே தெரிவதுதான். அது கிடைத்துவிட்டது.

உடனே அடுத்த ஓட்டை தெரிந்தது. 14, 18, 19 என்பது ‘தொடர்ந்து மூன்று’தானா? நடுவில் மூன்று விடுமுறை வந்துவிட்டதே, அது தொடர்ச்சியை வெட்டிவிடுமா? வெட்டும் என்றால் ஒருவர் 11 வெள்ளி, 12 சனி, 14 திங்கள் மூன்றையும் ஒரு தொடராகவும், 18, 19, 21 மூன்றையும் இன்னொரு தொடராகவும் சி.எல். போட்டு, பத்து நாளுக்கு மேல் வராமல் இருக்கலாம். ஆகவே பாலிசியிலேயே, வேலை நாட்களை மட்டும் எண்ண வேண்டும், இடையில் வரும் ஞாயிறும் விடுமுறையும் தொடர்ச்சியை வெட்டாது என்று எழுதினோம். 14, 18, 19 சரி. அதோடு 12 சனியையும் சேர்த்தால் நான்கு, சி.எல். கிடையாது.

இந்த வேலைக்கெல்லாம் நேரம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பீர்கள். தொழிலாளர்களின் விடுப்பு, விடுமுறை, வேலை நேரம் போன்ற நிபந்தனைகளை அவர்களுக்குப் பாதகமாக மாற்றுவதாக இருந்தால், 21 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று அப்போது நடைமுறையில் இருந்த தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவு சொன்னது. முதல் தடவை எங்கள் நிறுவனம் அதை மறந்தது இன்னொரு கதை. இரண்டாம் தடவை முறையாகக் கொடுத்தோம். அந்த 21 நாளை வெறுமனே காத்திருக்காமல், கேள்விகளைச் சேகரிக்கும் காலமாக வைத்துக்கொண்டோம். டைம் ஆபீஸ் ஜன்னலில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டோம். யார் வேண்டுமானாலும், பெயர் போடாமல், கேள்வியை எழுதலாம். யூனியன்காரர்கள் முதல் நாளே இரண்டு பக்கம் நிரப்பினார்கள். அவற்றில் நான்கு எங்கள் மூளைக்கு எட்டியே இருக்காது.

அந்த நோட்டிலிருந்து நான் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம், கேள்வியின் வார்த்தைகளை மாற்றக் கூடாது என்பது. ஒருவர் எழுதியிருந்தார்: ‘உடம்பு சரியில்லைன்னு காலைல போன் பண்ணா சூப்பர்வைசர் 15 நாளைக்கு முன்னாடியே சொல்லணும்கிறாரு. காய்ச்சல் 15 நாளைக்கு முன்னாடி தெரியுமா?’ இதை நாங்கள் ‘மருத்துவக் காரணங்களுக்கான விடுப்பு விண்ணப்பத்தின் கால வரையறை யாது?’ என்று மாற்றியிருந்தால், அந்தக் கேள்வியைக் கேட்டவரே தாளில் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார். கொஞ்சம் இலக்கணம் திருத்தி, கோபத்தை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே போட்டோம். பதிலுக்கும் சட்டத்தில் இடம் இருந்தது. 15 நாள் முன் விண்ணப்பம் என்பது பொது விதி, நோய்க்காலத்துக்கு ஈ.எல். கேட்டால், விண்ணப்பம் தாமதமானாலும் தர வேண்டும் என்று அதே 79-ஆம் பிரிவு சொன்னது. மூன்று சூப்பர்வைசர்கள் இத்தனை நாளாக மறுத்து வந்திருக்கிறார்கள்.

பதில் எழுதும் முறையையும் ஒன்றாக்கினோம். முதல் சொல்லே பதிலாக இருக்க வேண்டும்: ஆம், இல்லை, அல்லது ஓர் எண். காரணம், விளக்கம் எல்லாம் அதற்கு அப்புறம். ஷாப் ஃப்ளோரில் மெஷின் சத்தத்துக்கு நடுவே, ஷிஃப்ட் மாறும் ஐந்து நிமிடத்தில் சூப்பர்வைசர் இதைப் பார்த்துச் சொல்லப் போகிறார். மூன்றாவது வரியில் பதில் இருந்தால் அவர் முதல் வரியோடு நிறுத்திவிட்டுத் தன் நினைவிலிருந்து சொல்வார். பிறகு ஓர் எடுத்துக்காட்டு, நிஜத் தேதிகளோடு. கடைசியில் பாலிசியின் எந்த விதி, முடிவெடுப்பவர் யார். பொங்கல் கேள்வி தாளில் இப்படி வந்தது:

‘போகிக்கும் பொங்கல் முடிந்தும் லீவு போட்டால், நடுவில் உள்ள பொங்கல் விடுமுறையும் என் கணக்கில் கழியுமா?

கழியாது. நீங்கள் வராத வேலை நாட்கள் மட்டுமே கழியும். 2019 பொங்கலை வைத்துப் பார்த்தால், 14, 18, 19 ஆகிய மூன்று நாள் கழியும். 15, 16, 17 விடுமுறையும் இரண்டு பக்க ஞாயிறும் கழியாது. சி.எல். என்றால் இந்த மூன்று நாள் வரைதான். ஒரு நாள் கூடினாலும் ஈ.எல். எழுத வேண்டும். விதி 4. ஒப்புதல் தருபவர்: உங்கள் சூப்பர்வைசர்.’

இதில் ‘பொதுவாக’, ‘சூழ்நிலைக்கேற்ப’, ‘பெரும்பாலும்’ என்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் வரைவில் இருந்தன. எழுதுகிறவருக்கு அவை பாதுகாப்பாகத் தோன்றும். படிக்கிற எட்டு சூப்பர்வைசர்களுக்கும் அவை எட்டுக் கதவுகள்.

அதற்காக சூப்பர்வைசருக்கு எந்த முடிவும் விடக் கூடாது என்பதில்லை. எட்டுப் பேருக்கும் ஒரே பதில் வேண்டும் என்று தொடங்கினால், அவர்களை டேப் ரெக்கார்டர் ஆக்கிவிடும் ஆபத்து உண்டு. காலையில் போன் செய்து சொல்லும் திடீர் லீவை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் தொடங்கும் முன் சொல்ல வேண்டும் என்பது விதி. வீட்டில் இழவு விழுந்தவர் ஷிஃப்ட் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் போன் செய்கிறார். இதற்கு விதி எழுதிக்கொண்டே போனால் முடியாது. ஆகவே எல்லையைக் கட்டிவிட்டு உள்ளே சுதந்திரம் கொடுத்தோம்: ஷிஃப்ட் தொடங்கி இரண்டு மணி நேரம் வரை வரும் அழைப்பை ஏற்பது சூப்பர்வைசர் விருப்பம், அதற்கு மேல் என்றால் பிரிவு மேலாளர். ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தை ஒரு வரியில் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். வேறுபாடு வரும், ஆனால் எவ்வளவு தூரம் வேறுபடலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், சூப்பர்வைசர் பதிலே சொல்லக் கூடாத கேள்விகள் இருக்கின்றன. வைண்டிங் பிரிவில் பெண்கள் அதிகம். ஒருவர் தான் கருவுற்றிருப்பதைச் சூப்பர்வைசரிடம் முதலில் சொன்னால் அவர் என்ன பேசுகிறார் என்பது முக்கியம். பிரசவ விடுப்பு 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் என்பது பலருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு குழந்தை உள்ளவருக்கு அடுத்த பிரசவத்தில் 12 வாரம், ஈ.எஸ்.ஐ.யில் உள்ளவருக்குப் பணம் ஈ.எஸ்.ஐ. மூலம் வரும் என்பதெல்லாம் தெரியாது. அரைகுறையாகச் சொல்லி ஒரு எண்ணைத் தவறவிட்டால் அந்தக் குடும்பத்தின் கணக்கே மாறிவிடும். ‘எப்போ திரும்பி வருவீங்க?’ என்று அப்போதே கேட்பது இன்னும் மோசம். தாளில் இதற்குச் சூப்பர்வைசர் சொல்ல வேண்டியதை அப்படியே எழுதினோம்: ‘ரொம்ப சந்தோஷம்மா. இதுல தப்பான தகவல் சொல்லிடக் கூடாது. இன்னைக்கே ஹெச்.ஆர்.ல உட்கார்ந்து முழுசா கேட்டுக்கலாம், நான் நேரம் வாங்கித் தர்றேன்.’ நீண்ட நாள் நோய், ராஜினாமா செய்பவரின் கடைசிக் கணக்கு, ஒழுங்கு நடவடிக்கையில் இருப்பவரின் லீவு ஆகியவையும் இந்தப் பட்டியலில்தான்.

எங்கள் மனித வள மேலாளர் ஒரு கட்டத்தில் சூப்பர்வைசர்களுக்கு மட்டும் தனியாக ஒரு ரகசியத் தாள் வேண்டும் என்றார். தொழிலாளிக்கு ஒரு பதில், உள்ளே வேறு ஒரு பதில். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எட்டுப் பேரிடம் கொடுத்த தாள் ஒரு வாரத்தில் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். வந்தால் வெட்கப்படும்படி எதுவும் அதில் இருக்கக் கூடாது. சூப்பர்வைசர்களுக்குக் கூடுதல் குறிப்பு வேண்டும் என்பது உண்மைதான். யாரிடம் அனுப்ப வேண்டும், எந்தப் படிவம், எதைக் கேட்கக் கூடாது என்பவை அதில் இருக்கலாம். கேள்விக்கான பதில் மட்டும் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அந்தத் தாளையே ஒரு பிரதி யூனியன் செயலாளரிடமும் கொடுத்தோம். நிலையாணைகளை ஆங்கிலத்திலும் தொழிலாளர்களில் பெரும்பாலானோருக்குப் புரியும் மொழியிலும் ஒட்டி வைக்க வேண்டும் என்று 1946-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தபோது, அதை விளக்கும் தாள் தமிழில் எழுதப்படாமல் மொழிபெயர்க்கப்பட்டால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆங்கிலத்தில் எழுதி ஏஜென்சியில் கொடுத்து வாங்கிய பழைய தாளில் வார ஓய்வு நாள் ‘வாராந்திர அணைப்பு’ என்று இருந்தது.

எல்லோரும் மறக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. பழைய விதிப்படி கையெழுத்தான லீவு என்ன ஆகும்? ஜனவரிக் குழப்பத்தின் பாதி இதுதான். டிசம்பரிலேயே லீவு கேட்டு ஒப்புதல் வாங்கியவர், ஜனவரியில் புது விதிப்படி கழிக்கப்பட்டபோது நியாயமாகவே கொதித்தார். இந்தத் தடவை தாளின் முதல் கேள்வியே அதுவாக இருந்தது: ‘ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய லீவு?’ பதில்: ‘பழைய விதிப்படியே.’ ஜனவரியில் கூடுதலாகக் கழித்த நாட்களைத் திருப்பிக் கணக்கில் சேர்த்தோம் என்பதையும் அங்கேயே எழுதினோம். அதை எழுத நிர்வாகம் மிகவும் யோசித்தது. எழுதாமல் இருந்திருந்தால் மற்ற பதில்களை யார் நம்பியிருப்பார்கள்?

மொத்தம் 14 கேள்விகள், ஒரே தாளின் இரண்டு பக்கம். நோட்டில் வந்தவை அறுபதுக்கு மேல். பல ஒரே கேள்வியின் வேறு வடிவங்கள். சில ஓர் ஆளுக்கு மட்டும் உரியவை. அவர்களை நேரில் கூப்பிட்டுப் பதில் சொன்னோம். அறுபதையும் அச்சடித்திருந்தால் அது இரண்டாவது பாலிசி ஆகியிருக்கும், அதற்கு ஒரு கேள்வி பதில் தாள் தேவைப்பட்டிருக்கும்.

வெளியிடுவதற்கு முந்தின நாள் சூப்பர்வைசர்களை மறுபடி உட்கார வைத்து, அதே ஐந்து கேள்விகளைத் தேதி மாற்றிக் கொடுத்தோம், இந்தத் தடவை தாளைப் பார்த்து எழுதலாம் என்று. நான்கில் எட்டுப் பேரும் ஒன்றாக எழுதினார்கள். அரை நாள் லீவுக் கேள்வியில் இரண்டு பேர் விலகினார்கள். தாளில் ‘நான்கு மணி நேரம்’ என்று எழுதியிருந்தோம், சாப்பாட்டு இடைவேளை அதில் சேருமா என்று எழுதவில்லை. இரவோடு இரவாக அந்த வரியைத் திருத்தி அச்சுக்கு அனுப்பினோம். அன்று அவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம் ஒன்றும் உண்டு. தாளில் இல்லாத கேள்வி வந்தால், ஊகித்துச் சொல்ல வேண்டாம். ‘நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள கேட்டுச் சொல்றேன்’ என்று சொல்ல வேண்டும். அந்த ‘நாளை சாயங்காலம்’ பொய்யாகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. ஒரு தடவை நாங்கள் தாமதித்தால், அடுத்த தடவை சூப்பர்வைசர் தானே ஒரு பதிலைத் தயாரித்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

முதல் மாதம் அப்படி ஏழு கேள்விகள் வந்தன. மூன்றைத் தாளில் சேர்த்தோம், யாரும் கேட்காத இரண்டை எடுத்தோம். ஒவ்வொரு பதிப்பின் அடியிலும் எண், தேதி, கேட்க வேண்டியவரின் உள்தொலைபேசி எண் மூன்றும் இருந்தன. பழைய பதிப்பை நோட்டீஸ் போர்டிலிருந்து எடுப்பது யார் என்றும் ஒருவர் பெயரை எழுதி வைத்தோம். புதியதை ஒட்டுவதற்கு எல்லோரும் வருவார்கள், பழையதைக் கிழிப்பதற்குத்தான் ஆள் கிடைக்காது.

அந்தக் கடைசி வேலை இப்போது தமிழ்நாட்டின் பல தொழிற்சாலைகளில் பாக்கி இருக்கும். தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் புதிய சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்பளத்துடன் கூடிய விடுப்புக்கு வேண்டிய 240 வேலை நாள் அதில் 180 ஆகியிருக்கிறது. உங்கள் டைம் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் இன்னும் 240 என்று இருக்கிறதா என்று நாளைக்குப் போய்ப் பாருங்கள். இருந்தால், அதை நம்பி யாருக்கு என்ன பதில் சொல்லியிருக்கிறார்கள் என்றும் உங்கள் சூப்பர்வைசரிடம் கேளுங்கள்.